லிஸ்டிங் நாளில் ஸ்டாப் லாஸ் எங்கே வைப்பது?

கேள்வி: "ஐபிஓவில் எனக்குப் பங்கு கிடைக்கவில்லை. லிஸ்டிங் அன்றே வாங்கி இரண்டு மூன்று நாள் டிரேடு செய்யலாம் என்று நினைக்கிறேன். சார்ட்டில் பழைய விலையே இல்லாதபோது ஸ்டாப் லாஸை எதை வைத்து முடிவு செய்வது?"

முதல் அரை மணி நேரத்தில் எதையும் வாங்காதீர்கள். அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்குத் தேவையான பழைய விலையை உருவாக்கித் தரும். அதன் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஸ்டாப் வையுங்கள். அந்தத் தூரம் எவ்வளவோ, அதற்கேற்ப வாங்கும் பங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை முதல் விலை எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து பார்ப்போம்.

வழக்கமான வர்த்தகம் தொடங்குவதற்கு முன் பங்குச் சந்தை ஓர் ஏலம் நடத்துகிறது. வாங்குவோரும் விற்போரும் விலை சொல்லி ஆர்டர் போடுவார்கள். எந்த விலையில் அதிகப் பங்குகள் கைமாறுமோ அதுவே தொடக்க விலை. வெளியீட்டு விலை 100 என்று வைத்துக்கொள்வோம். 120 வரை தரத் தயாராக 1,000 பங்குக்கும், 118 வரை 1,500 பங்குக்கும், 115 வரை 2,000 பங்குக்கும் வாங்கும் ஆர்டர்கள் நிற்கின்றன. விற்கும் பக்கம் 112-க்கு 800, 115-க்கு 1,200, 118-க்கு 1,000, 120-க்கு 2,000 பங்குகள். 115-ல் ஏலத்தை முடித்தால் 2,000 பங்குகள்தான் கைமாறும், ஏனென்றால் அந்த விலைக்கு விற்க வந்தவை அவ்வளவே. 120-ல் முடித்தால் வாங்க ஆள் இருப்பது 1,000-க்கு மட்டும். 118-ல் முடித்தால் 2,500 கைமாறும். ஆகவே தொடக்க விலை 118.

இனி மிச்சம் யார் என்று பாருங்கள். 118-ம் அதற்கு மேலும் தர நினைத்த அத்தனை பேரும் வாங்கி முடித்துவிட்டார்கள். அடுத்து வாங்க நிற்பவர்கள் 115-ல் இருக்கிறார்கள். விற்கும் பக்கத்திலோ 118-லேயே 500 பங்குகள் பாக்கி. தொடக்க விலையில் அவசரமாக மார்க்கெட் ஆர்டர் போடுபவருக்குப் பின்னால் அந்த நேரத்தில் வேறு வாங்குபவர் இல்லை. புதிதாக ஆட்கள் வந்தால் விலை ஏறும், வராவிட்டால் 115-ஐ நோக்கிச் சரியும். எது நடக்கும் என்பதை ஏல விலையிலிருந்து படிக்க முடியாது. ஏலம் நடக்கும்போது திரையில் தெரியும் உத்தேச விலையையும் அப்படியே நம்பாதீர்கள். ஆர்டரைத் திரும்பப் பெற அனுமதி உள்ள நேரம் வரை அந்த விலைக்குப் பின்னால் இருப்பது வெறும் விருப்பம்தான்.

சரி, விலை 118-ல் திறந்தது. ஐந்து நிமிட சார்ட்டில் முதல் கேண்டில் 126 வரை போய் 116 வரை இறங்கியது, உயரம் 10. இரண்டாவது 114-க்கும் 120-க்கும் இடையே, உயரம் 6. அடுத்த நான்கின் உயரம் 5, 4, 4, 3. அரை மணி நேரம் முடிந்தது. உச்சம் 126, அடிமட்டம் 114.

இங்கே பலர் சறுக்குவது சராசரியில். ஆறு கேண்டில்களையும் சேர்த்தால் சராசரி உயரம் ஐந்துக்கு மேல் வருகிறது. ஏலத்தில் பங்கு கிடைத்தவர்கள் லாபத்தை எடுக்கும் கொந்தளிப்பு முதல் இரண்டு கேண்டில்களில் இருக்கிறது, அது நீடிக்காது. அவற்றை விட்டுவிட்டுக் கடைசி நான்கைப் பார்த்தால் சராசரி 4. அதுதான் இந்தப் பங்கின் இப்போதைய மூச்சு. சார்ட்டில் ATR போடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 14 கேண்டில் கணக்கு ஐந்து நிமிட சார்ட்டில் 70 நிமிடத்தில் நிரம்பிவிடும், ஆனால் அந்த முதல் கேண்டில்கள் உள்ளே இருக்கும்வரை எண் பெரிதாகவே காட்டும்.

விலை 116-க்கும் 120-க்கும் இடையே அடங்கி, பிறகு 121-க்கு ஏறுகிறது, நீங்கள் அங்கே வாங்குகிறீர்கள். பழக்கத்தில் 2 சதவீத ஸ்டாப் வைத்தால் அது 118.60 பக்கம் வரும். வாங்கிய விலையிலிருந்து தூரம் 2.40 மட்டுமே. ஒரு சாதாரண கேண்டிலே 4 அசையும் பங்கில் அந்த ஸ்டாப் எந்தக் காரணமும் இல்லாமல் அடிபடும். என் தொடக்க காலத்தில் ஒரே காலையில் மூன்று முறை இப்படி வெளியே தள்ளப்பட்டிருக்கிறேன். மூன்று முறையும் பங்கின் போக்கை நான் சரியாகத்தான் கணித்திருந்தேன். தவறு, வேறு பங்குக்கான அளவுகோலைக் கொண்டுவந்து இதில் வைத்தது.

சரியான இடம் 114-க்குக் கீழே. அதற்கும் கீழே அரை கேண்டில் உயரம், அதாவது 2, இடம் விடுங்கள். டிரிகர் விலை 112. ஸ்டாப் லாஸ் லிமிட் ஆர்டராக இருந்தால் லிமிட்டையும் 112 என்று போடாதீர்கள். வேகமாக விழும்போது விலை உங்களைத் தாண்டிப் போய்விடும், ஆர்டர் நிறைவேறாமல் மேலே தொங்கிக்கொண்டிருக்கும். லிமிட்டை 110-ல் வையுங்கள். கணக்குப் போடும்போதும் 110-ல் வெளியேறுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

121-லிருந்து 110 வரை ஒரு பங்குக்கு இழப்பு 11. உங்கள் மூலதனம் 2,00,000, ஒரு டிரேடில் 1 சதவீதம் வரை இழக்கலாம் என்றால் 2,000. அதை 11-ஆல் வகுத்தால் 181. நீங்கள் வாங்க வேண்டியது 180 பங்குகள், போடும் தொகை 21,780. இவ்வளவு குறைவாக வாங்கவா காத்திருந்தோம் என்று தோன்றும். அப்போது ஸ்டாப்பை மேலே நகர்த்தி எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஸ்டாப் இருக்கும் இடத்தை விலைதான் சொல்ல வேண்டும், உங்கள் ஆசை சொல்லக் கூடாது.

இரவு தாண்டி வைத்திருப்பது தனிக் கதை. ஃபேஸ்புக் 2012 மே 18-ம் தேதி நாஸ்டாக்கில் 38 டாலர் வெளியீட்டு விலையில் வந்தது. 42.05-ல் திறந்து, 45 வரை தொட்டு, அன்று 38.23-ல் முடிந்தது. 38 அருகே விலை அழகாகத் தாங்கியது. ஆனால் அங்கே பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்தவை வெளியீட்டை நடத்திய வங்கிகள்தான். புதிய பங்கில் இப்படி விலையைத் தாங்க வங்கிகளுக்குப் பல சந்தைகளில் விதிகளின்படி அனுமதி உண்டு. அடுத்த வர்த்தக நாளான திங்கட்கிழமை பங்கு 38-க்குக் கீழேயே திறந்து 34.03-ல் முடிந்தது. வெள்ளிக்கிழமை 37.50-ல் ஸ்டாப் வைத்து நிம்மதியாக இருந்தவருக்கு அந்த விலை கிடைத்திருக்காது. ஆகவே முதல் நாள் வெளியீட்டு விலையில் காணும் ஆதரவை இயல்பான ஆதரவாக எண்ணி, அதற்கு ஒட்டிக் கீழே ஸ்டாப் வைக்காதீர்கள்.

நான் செய்வது, முதல் நாள் முடிவதற்குள் பாதியை விற்றுவிடுவது. மீதிப் பாதிக்கு இரண்டாம் நாளிலிருந்து முதல் நாளின் குறைந்த விலையே ஸ்டாப்புக்கு அடிப்படை. இப்போது அது ஒரு முழு நாளின் வர்த்தகம் தாங்கிய விலை, அரை மணி நேரத்து அடிமட்டத்தைவிட நம்பகமானது. தினசரி விலை வரம்பு உள்ள சந்தையில் டிரேடு செய்தால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பங்கு லோயர் சர்க்யூட்டில் உறைந்துவிட்டால் ஸ்டாப் டிரிகர் ஆகும், ஆனால் வாங்க ஆள் இருக்க மாட்டார்கள், உங்கள் ஆர்டர் வரிசையில் நிற்கும். அடுத்த நாளும் அதே கதை தொடரலாம். இரவுக்கு எடுத்துச் செல்லும் 90 பங்குகளும் ஒரே இரவில் 20 சதவீதம் விழுந்தால் எவ்வளவு போகும் என்று முன்பே எழுதிப் பாருங்கள். 121-ல் வாங்கியதற்கு அது 2,178. உங்கள் 2,000 வரம்பைத் தாண்டுகிறது, ஆகவே 80 பங்குகளுக்கு மேல் எடுத்துச் செல்லாதீர்கள்.