அழித்தது, மறைத்தது, வெட்டியது: படத்தில் எது மிஞ்சும்?

கல்லடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். படம் வெட்டுவது பற்றி இந்தக் கிழமை கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன். பெரும்பாலும் போட்டோஷாப்தான், ஜிம்ப் பாவிப்பவர் ஒருவரும் இருக்கிறார்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அண்ணா, அம்மம்மாட 31ஆம் நாள் கார்ட்டுக்கு அவவின் படத்தை வெட்டினேன். பின்னுக்கு இருந்த சுவரை இரேசரால் அழிக்கேக்க உச்சி முடியும் கொஞ்சம் போயிட்டு. சேவ் பண்ணி மூடிட்டேன். இன்றைக்குத் திறந்தால் Undo வேலை செய்யுதில்லை. அந்த முடியைத் திரும்ப எடுக்கலாமா?

அந்த பைலுக்குள் இருந்து எடுக்க முடியாது, தங்கச்சி. இரேசர் அந்த இடத்துப் பிக்சலையே எடுத்துவிட்டது, அங்கே இப்போது நிறம் என்று ஒன்றுமில்லை. Undo வேலை செய்வது பைல் திறந்திருக்கும் வரைக்கும்தான், மூடியதும் அந்தப் பட்டியல் முழுதாகப் போய்விடும். ஆகவே முதல் வேலை, போனில் எடுத்த மூலப் படத்தைத் தேடுவது. யாராவது வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அது சுருங்கி வந்த படமாக இருக்கும், எடுத்தவரிடமே கேட்டு அதை டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மூலப் படம் கிடைத்தால் இந்த முறை இரேசரைத் தொட வேண்டாம். Quick Selection கருவியால் அம்மம்மாவைச் சுற்றித் தெரிவு செய்து, லேயர் பட்டியலுக்குக் கீழே இருக்கும் Add layer mask பொத்தானை அமத்துங்கள். சுவர் காணாமல் போகும், ஆனால் அழியவில்லை. லேயருக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக இன்னொரு சின்னப் படம் வரும், அதுதான் மாஸ்க். அதில் கறுப்பாக இருக்கும் இடம் மறையும், வெள்ளையாக இருக்கும் இடம் தெரியும், சாம்பல் என்றால் அரைகுறையாகத் தெரியும். முடி கூடுதலாக மறைந்துவிட்டதா, பிரஷை எடுத்து வெள்ளையால் பூசுங்கள், முடி திரும்பி வரும். சுவர் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறதா, கறுப்பால் பூசுங்கள். X எழுத்தை அமத்தினால் இரண்டு நிறமும் இடம் மாறும். பத்து நாள் கழித்துத் திறந்தாலும் இதே வேலையைச் செய்யலாம், ஆனால் .psd ஆகச் சேவ் பண்ணியிருக்க வேண்டும்.

இதில் புதிதாகப் பழகுபவர்கள் எல்லோருக்கும் நடக்கும் ஒரு பிழை இருக்கிறது. மாஸ்க்கில் பூசுவதாக நினைத்துக்கொண்டு படத்திலேயே பூசிவிடுவார்கள், முகத்தின் மேல் கறுப்புக் கோடு விழும். எதில் நிற்கிறீர்கள் என்பதை அந்த இரண்டு சின்னப் படங்களைச் சுற்றியுள்ள சட்டம் காட்டும். மாஸ்க்கைச் சுற்றிச் சட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரஷை வையுங்கள். Shift பிடித்துக்கொண்டு மாஸ்க்கை கிளிக் பண்ணினால் முழுப் படமும் சுவரோடு தெரியும், மறைத்ததெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறதா என்று அப்படித்தான் நான் பார்ப்பது.

அப்புறம் இன்னொன்று. மாஸ்க்கைக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்தால் Apply, Delete என்று கேட்கும். Delete என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து பலர் Apply கொடுக்கிறார்கள். இங்கே அது தலைகீழ். Delete மாஸ்க்கை மட்டும் எடுக்கும், படம் முழுதாகத் திரும்பும். Apply கொடுத்தால் மறைத்திருந்த பிக்சல் உண்மையாகவே அழியும், நீங்கள் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

ஏறாவூரிலிருந்து: நானா, கடைசியில் JPG ஆகத்தானே கொடுக்கிறோம். அதில் அழிச்சாலும் ஒண்டுதான், மாஸ்க் போட்டாலும் ஒண்டுதான், வெட்டினாலும் ஒண்டுதான். PSD சைஸும் கூடுது. பிறகு ஏன் இந்த வேலை?

பாதி சரி. JPG-க்குள் லேயரும் இல்லை, மாஸ்க்கும் இல்லை, வெறுமையான இடம் என்றும் ஒன்று இல்லை. என்ன முறையில் செய்திருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும் ஒரே தட்டாகப் போய் உட்காரும், வெறுமையாக இருந்த இடம் வெள்ளையாகும். அச்சுக்குக் கொடுப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அச்சகத்தில் இருந்து "காது வெட்டுப்பட்டிருக்கு" என்று போன் வந்தால் உங்கள் கையில் என்ன இருக்கிறது? மாஸ்க் உள்ள PSD இருந்தால் 2 நிமிட வேலை. JPG மட்டும் இருந்தால் முதலில் இருந்து. வேலை முடிந்து காசும் வாங்கிய பிறகு PSD-ஐ வைப்பதா, அழிப்பதா என்பது உங்கள் கணக்கு, அதில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து, ஸ்டூடியோவில் வேலை பழகுபவர்: அண்ணன், போனில் எடுத்த படத்தை பாஸ்போர்ட் சைஸுக்கு crop பண்ணினேன். Delete Cropped Pixels சரியை எடுத்துவிட்டுத்தான் பண்ணினேன். இப்ப அதே படத்தைப் பெரிசாக்கி பிரேம் போடக் கேட்கிறாங்க, படம் ஒரே மங்கல். ஒன்றும் அழியவில்லைதானே?

இதைக் கேட்டது மிகவும் நல்லது, பல வருடம் வேலை செய்தவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள். வெட்டும்போது இரண்டு வேலை நடக்கலாம். ஒன்று, ஓரங்களைத் தள்ளி வைப்பது. மற்றது, மிஞ்சியதைச் சுருக்குவது. நீங்கள் எடுத்துவிட்ட அந்தச் சரி முதலாவதை மட்டும்தான் காப்பாற்றும்.

உங்கள் போன் படம் 3000 க்கு 4000 பிக்சல் என்று வைப்போம். முகத்தைச் சுற்றி நீங்கள் கட்டிய சட்டத்துக்குள் 1750 க்கு 2250 பிக்சல் இருந்தது என்றும் வைப்போம். மேலே இருக்கும் பெட்டியில் W x H x Resolution என்று தெரிவு செய்து 35 mm, 45 mm, 300 என்று போட்டிருப்பீர்கள். அந்த அளவுக்குத் தேவையானது 413 க்கு 531 பிக்சல்தான். ஆகவே போட்டோஷாப் 1750ஐ 413ஆகச் சுருக்கிவிட்டது. முகத்துக்குள்ளேயே நான்கில் மூன்று பங்கு அகலம் போய்விட்டது, சட்டத்துக்கு வெளியே தள்ளி வைத்த ஓரங்களும் அதே விகிதத்தில் சுருங்கிவிட்டன. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. Image பட்டியலில் Reveal All கொடுங்கள், வெளியே தள்ளியதெல்லாம் திரும்பத் தெரியும். பிறகு Image Size பாருங்கள். 3000 க்கு 4000 என்று இருந்தால் தப்பித்தீர்கள், 708 க்கு 944 அளவில் இருந்தால் சுருங்கியாயிற்று.

10 அங்குல அகலத்தில் பிரேம் என்றால் 413 பிக்சல் அங்குலத்துக்கு 41தான் வரும், அது மங்கத்தான் செய்யும். சுருக்காமல் விட்டிருந்தால் 175 வந்திருக்கும், சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். இனிமேல் அந்தப் பெட்டியில் Ratio தெரிவு செய்து 35, 45 என்று மட்டும் போட்டு வெட்டுங்கள், ஒரு பிக்சலும் சுருங்காது. அச்சுக்கு வேண்டிய சின்ன அளவை அதன் கொப்பி ஒன்றில் செய்யுங்கள். இந்தப் படத்துக்கு, போன்காரரிடம் மூலத்தைத் திரும்பக் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

வாழைச்சேனையிலிருந்து: அழிந்த படத்தை எடுக்கலாமா என்றுதானே பேசுறீங்க. என் கமராக் கார்டில் கோயில் திருவிழாப் படம் முழுக்க டிலீட் ஆகிட்டு. அதை எடுக்கலாமா?

இங்கே பேசுவது ஒரு படத்துக்குள் இருக்கும் பிக்சல் பற்றி, உங்களுடையது பைலே போன கதை. ஆனால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காமல் கழற்றி வையுங்கள், PhotoRec என்ற இலவச மென்பொருளால் தேடிப் பாருங்கள். கிடைத்ததை அதே கார்டில் சேவ் பண்ண வேண்டாம், கொம்பியூட்டரில் போடுங்கள்.

திருக்கோவிலிலிருந்து, ஒரு ஆசிரியை: அடையாள அட்டைப் படத்தை வேர்டில் போட்டு இலக்கம் உள்ள பகுதியை crop பண்ணிவிட்டு ஒருவருக்கு அனுப்பினேன். இலக்கம் அவருக்குத் தெரியாதுதானே?

தெரிய வழி இருக்கிறது, மிஸ். வேர்டில் வெட்டுவது வெறும் தள்ளி வைப்பு. அவர் படத்தை கிளிக் பண்ணி Crop கொடுத்தால் வெட்டிய பகுதி முழுவதும் வரும். Compress Pictures என்பதற்குள் போய் Delete cropped areas of pictures என்ற சரியை வைத்துச் சேவ் பண்ணினால்தான் அது போகும். மேலே தங்கச்சிக்கு அழிக்காதீர்கள் என்றேன், உங்களுக்கு அழித்துவிடுங்கள் என்கிறேன். மற்றவர் கைக்குப் போகும் பைலில் மறைத்து வைத்த எதுவும் மறைந்ததாகக் கணக்கில்லை, மாஸ்க் போட்ட PSD-யும் அப்படித்தான். இலக்கத்தின் மேல் கறுப்புப் பெட்டி பூசி JPG ஆக்கி அதை மட்டும் அனுப்புங்கள்.

போனில் வெட்டினால் போதும் என்றும் இருக்க முடியாது. கூகுள் பிக்சல் போன்களில் ஸ்கிரீன்ஷொட்டை வெட்டிச் சேவ் பண்ணினாலும் வெட்டிய பகுதியின் தரவு பைலின் வாலில் மிஞ்சியிருந்தது 2023இல் வெளியே வந்தது. பிறகு திருத்திவிட்டார்கள், ஆனால் முன்னர் அனுப்பிய பைல்கள் அப்படியேதான் இருக்கும்.

கல்முனையிலிருந்து, நீண்டகாலமாக ஸ்டூடியோ நடத்துபவர்: தம்பி, நான் மாஸ்க் போடுவதில்லை. லேயரை கொப்பி எடுத்து, கீழே உள்ளதை மறைத்து வைத்துவிட்டு மேலே உள்ளதை அழிப்பேன். மூலம் பத்திரம், வேலையும் வேகம். இதில் என்ன குறை?

மூலம் பத்திரம் என்பது சரி, அண்ணன். எனக்கு அதில் இடிப்பது ஒன்றுதான். மேல் லேயரில் முகத்தின் நிறம் திருத்தி, தழும்பு எடுத்து எல்லாம் முடித்த பிறகு காது வெட்டுப்பட்டது தெரிந்தால், கீழே இருந்து எடுக்கும் காது பழைய நிறத்தில் வரும். ஒட்டிய இடம் தெரியும், அதைத் திரும்பத் திருத்த வேண்டும். மாஸ்க்கில் அந்தக் காது நிறத் திருத்தத்தோடு சேர்ந்தே உள்ளே காத்திருக்கும்.

அவரே மீண்டும்: நான் வெட்டிய பிறகுதான் நிறம் திருத்துவது கடைசியாக, அதுவும் எல்லாத்துக்கும் மேலே தனி லேயரில். எனக்கு அந்தப் பிரச்சினை வந்ததில்லை.

அந்த ஒழுங்கைக் கைவிடாமல் செய்தால் வராது, ஒத்துக்கொள்கிறேன். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுப்பேனா என்றால் மாட்டேன்.

ஆரையம்பதியிலிருந்து: ஜிம்பில் தெரிவு செய்து Delete அமத்தினால் வெறுமையாகாமல் வெள்ளையாகுது.

அந்த லேயருக்கு வெறுமையாக இருக்கத் தெரியாது. Layer, Transparency, Add Alpha Channel கொடுத்துவிட்டு அமத்துங்கள். அது நிரப்பும் வெள்ளை உங்கள் பின்னணி நிறம்தான்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து மீண்டும்: அண்ணா, மாமா மூலப் படத்தை அனுப்பினார். மாஸ்க் சரி வந்துட்டு. ஆனால் மெரூன் நிறக் கார்ட்டில் வைத்தால் முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரியுது.

நரைமுடிக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் அந்த ஓரத்துப் பிக்சலில் முடியும் சுவரும் கலந்தே இருக்கும், மாஸ்க்கால் அதைப் பிரிக்க முடியாது. மென்மையான பிரஷில் கறுப்பை 20 சதவீத Opacity-யில் வைத்து ஓரத்தை மட்டும் மெதுவாகத் தடவுங்கள், பாதி குறையும். மீதி போகாது. கார்ட்டில் அவவின் தலைக்குப் பின்னால் மட்டும் ஒரு இளஞ்சாம்பல் வட்டம் வைத்துப் பாருங்கள், மெரூனை மாற்றவும் தேவையில்லை, கோடும் அதில் கரைந்துவிடும்.