தவணை தாண்டிய பில்: எந்த நாளில் எந்தத் தொனி?

கேள்வி: கிளிநொச்சியில் ஹாட்வெயார் கடை. தவணை தாண்டிய பில்களுக்கு மெசேஜ் தானாகப் போகவேணும், ஆட்களும் முறியக்கூடாது. எப்படி?

தவணைக்கு 3 நாள் முன், பிறகு தாண்டிய 1, 10, 21ஆம் நாட்கள். நாலு போதும். கூகுள் ஷீட்டில் C தவணைத் திகதி, E காசு வந்த திகதி என்றால் தாண்டிய நாள்:

```
=IF(E2="",TODAY()-C2,"")
```

தினமும் ஓடி இந்த நாளைப் பார்த்து மெசேஜ் அனுப்புகிற ஸ்கிரிப்டில் "சரியாக 10" என்று போடாதீங்கோ. ஒருநாள் அது ஓடாமல் விட்டால் அந்த மெசேஜ் போகவே போகாது. "10 அல்லது கூட" என்று போட்டு, கடைசியாக அனுப்பிய படியை F-இல் பதியவிடுங்கோ. இல்லாட்டில் தினமும் போகும்.

தாண்டிய முதல் நாள்: "அண்ணை, 48,500 ரூபா பில் மறந்திருப்பீங்கள், திரும்ப அனுப்பியிருக்கிறன்." 10ஆம் நாள் காசைவிடத் திகதியைக் கேளுங்கோ: "எந்த நாள் தருவீங்கள்?" 21ஆம் நாள்: "வெள்ளிக்கு முன் கட்டாவிட்டால் புதுச் சாமான் கடனுக்கு இல்லை." மரியாதை குறையாது, நிபந்தனைதான் கூடும். இந்தக் கடைசியை மட்டும் நீங்கள் பார்த்த பிறகே அனுப்பவேணும்.

பெரும்பாலும் பிழைக்கிறது E-இல்தான்: ஆள் பாங்கில் போட்டிருப்பார், நீங்கள் பதிந்திருக்கமாட்டீங்கள். காலையில் கணக்கைப் பார்த்துப் பதிந்தபின் 11 மணிக்கு ஓடவிடுங்கோ. வயல்காரருக்கு 30 நாள் கணக்குச் சரிவராது. பெரும்போக அறுவடை முடிகிற திகதியையே C-இல் போடுங்கோ.