ஏழு மாதக் குழந்தையின் கண்ணில் நீரும் பீளையும்: இப்போதே கம்பி விட்டுத் திறக்க வேண்டுமா?

"என் மகனுக்கு 7 மாதம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து வலது கண்ணில் எப்போதும் நீர் தேங்கி நிற்கிறது. காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது, துடைத்துவிட்டால்தான் கண்ணைத் திறக்கிறான். மெடிக்கலில் கொடுத்த சொட்டு மருந்தை மூன்று முறை மாற்றிவிட்டோம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர், 'இப்பவே கம்பி விட்டுத் திறந்துடுங்க, தள்ளிப்போட்டா பார்வை போயிடும், நானே ஆஸ்பத்திரியில் சொல்லி விடுறேன்' என்கிறார். மயக்க மருந்து என்றாலே பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?"
— ஒரு தாய், துறையூர்

இப்போது வேண்டாம். குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை சரியான முறையில் நீவிவிடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை கண் மருத்துவரிடம் காட்டி, இது கண்ணீர்க் குழாய் அடைப்புதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த அடைப்பு மட்டும் இருந்தால் பார்வை போகாது. அப்படிச் சொல்லி உங்களைப் பயமுறுத்தியவர் செய்தது தவறு.

கண்ணில் ஊறும் நீர், மூக்கை ஒட்டிய இமை ஓரத்தில் இருக்கும் ஊசி முனை அளவுத் துளைகள் வழியாக இறங்கி, ஒரு சிறு பையில் சேர்ந்து, அங்கிருந்து குழாய் வழியாக மூக்குக்குள் போகிறது. நாம் அழும்போது மூக்கும் சேர்ந்து ஒழுகுவது இதனால்தான். இந்தக் குழாய் மூக்குக்குள் திறக்கும் கடைசி இடத்தில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. பிறப்பதற்குள் அது திறந்துவிட வேண்டும். சில குழந்தைகளுக்குத் திறப்பதில்லை. பிறந்த முதல் சில நாட்கள் கண்ணீர் குறைவாகவே ஊறும் என்பதால் அப்போது ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து நீர் தேங்க ஆரம்பிக்கும். தேங்கிய நீரில் கிருமி சேர்ந்தால் பீளையாகிறது. உங்கள் மகனுக்கு மூன்றாவது வாரத்தில் தொடங்கியது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு முதல் பிறந்தநாளுக்குள் சவ்வு தானாகத் திறந்துவிடும். 6 மாதம் தாண்டியும் நீர் வழிந்த குழந்தைகளைக் கம்பி விடாமல் அடுத்த ஆறு மாதம் கவனித்துப் பார்த்ததில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்குச் சரியாகியிருக்கிறது. உங்கள் மகனுக்கு இன்னும் அந்த அவகாசம் இருக்கிறது.

இனி நீவிவிடும் முறை. 1923-இல் கிரிக்லர் என்ற மருத்துவர் எழுதிக் காட்டியது, இன்றும் அதுதான் வழி. என்னிடம் வரும் தாய்மார்களில் பெரும்பாலோர் "மசாஜ் செய்றேன் டாக்டர்" என்பார்கள். செய்து காட்டச் சொன்னால் மூக்கின் பக்கவாட்டில் பவுடர் பூசுவது போலத் தடவுவார்கள், அல்லது மூடிய இமையைத் தேய்ப்பார்கள். இரண்டிலும் பலன் இல்லை. தோலைத் தடவுவதில் என்ன இருக்கிறது? பைக்குள் இருக்கும் நீரைக் கீழே தள்ளி, அந்த அழுத்தத்தில் சவ்வு கிழிய வேண்டும். குழாயை ஒரு ஊதல் பையாகவும் சவ்வை அதன் மூடிய வாயாகவும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் பீளையைத் துடைத்து எடுங்கள். இப்போது ஆள்காட்டி விரல் நுனியைக் கண்ணின் உள்மூலைக்கும் மூக்கு எலும்புக்கும் நடுவில் வையுங்கள். அங்கே விரலுக்கு ஒரு எலும்பு விளிம்பு தட்டுப்படும், பை அதன் பின்னால்தான் இருக்கிறது. முதலில் உள்நோக்கி அழுத்துங்கள். இதனால் நீர் மேலே, கண்ணுக்குத் திரும்பும் வழி அடைபடும். அந்த அழுத்தத்தை விடாமல் விரலை மூக்கின் ஓரமாக ஒரு சென்டிமீட்டர் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். உங்கள் விரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தம் போதும். ஒரு தடவைக்குப் பத்து முறை, ஒரு நாளைக்கு நான்கு தடவை. பால் கொடுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. குழந்தை சிணுங்குவான், தலையைத் திருப்புவான், பரவாயில்லை. அழுத்தும்போது கண் மூலையில் குபுக்கென்று கொஞ்சம் பீளை வந்தால், விரல் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதைத் துடைத்துவிட்டு மறுபடி தொடருங்கள். அந்த இடம் சிவந்து வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ மட்டும் நீவக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தை 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசிக்கு வருகிறது, அப்புறம் 9-ஆம் மாதம் வருகிறது. கண்ணில் நீர் நிற்பதை அத்தனை முறையும் யாரோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு நிமிடம் தாயின் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினால் போதும். அதைச் செய்யாமல் சீட்டில் ஒரு சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த இரண்டு நிமிடம் மிச்சப்படுத்தியதால்தான் அந்தத் தாய் பத்து மாதம் கழித்து அறுவை அரங்கின் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

சொட்டு மருந்து விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு அதிகக் கவலை. அடைப்பை எந்த மருந்தும் திறக்காது. பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி அதிகமானால் மட்டும், மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் சொட்டை ஒரு வாரம் போடலாம். வெறும் நீரும் காலையில் கொஞ்சம் ஒட்டலும் என்றால் பஞ்சும் தண்ணீரும் போதும். மெடிக்கல் கடையில் "கண் ஒட்டுது" என்று கேட்டால் பல நேரம் எடுத்துக் கொடுப்பது ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு கலந்த சொட்டு. போட்டவுடன் சிவப்பு குறையும், நல்ல மருந்து என்று நம்பித் தொடர்வார்கள். மாதக்கணக்கில் போட்டால் கண்ணின் உள்அழுத்தம் ஏறும், கண்புரையும் வரலாம். உங்களிடம் இருக்கும் மூன்று பெட்டிகளையும் எடுத்துப் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன், லோடிபிரட்னால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மருந்தின் பெயர் வாலில் 'டி' அல்லது 'டெக்ஸ்' என்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இருந்தால், எத்தனை நாள் போட்டீர்கள் என்று குறித்துக்கொண்டு பெட்டியோடு மருத்துவரிடம் போங்கள், குழந்தையின் கண் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்றை இப்படித்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். நீர் வழிகிறது என்று நான்கு மாதமாக ஸ்டீராய்டு கலந்த சொட்டு. சீட்டு எழுதியவர் யாருமில்லை, ஒரே கடையில் திரும்பத் திரும்ப வாங்கியது. அழுத்தம் ஏறியிருந்தது. சொட்டை நிறுத்திய பின் சில வாரங்களில் இறங்கிவிட்டது. கண்ணீர்க் குழாய், பாட்டி ஒழுங்காக நீவிவிட்டதில் பதினோராம் மாதம் திறந்துகொண்டது. அந்தப் பாட்டி முதலில் தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சிக்கொண்டிருந்தார். அதுவும் வேண்டாம், பால் கிருமிக்கு உணவு. விளக்கெண்ணெய், மை, குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது எதுவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணில் நீர் வழியும் எல்லாக் குழந்தைக்கும் அடைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பிறவியிலேயே கண் அழுத்த நோய் உள்ள குழந்தைக்கும் நீர் வழியும். அது பார்வையைப் பறிக்கும், ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது. வேறுபாட்டை வீட்டிலேயே கவனிக்கலாம். அடைப்பு உள்ள குழந்தைக்கு பீளை இருக்கும், ஆனால் வெளிச்சத்துக்குக் கூசாது, விளக்கைப் பார்த்துச் சிரிக்கும். அழுத்த நோய் உள்ள குழந்தைக்கு பீளை இருக்காது, வெறும் நீர்தான். வாசலுக்குத் தூக்கிவந்தால் கண்ணை இறுக மூடி முகத்தை உங்கள் தோளில் புதைத்துக்கொள்ளும். கருவிழி வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும். "என்ன பெரிய கண்ணு" என்று ஊரே கொஞ்சும். சில நாள் அந்தக் கருவிழி பால் கலந்தது போல மங்கலாக இருக்கும். பகலில் சன்னல் ஓரமாகக் குழந்தையை மடியில் வைத்து இரண்டு கருவிழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அளவில் வித்தியாசமோ, மங்கலோ, கூச்சமோ இருந்தால் நீவுவதை விட்டுவிட்டு அன்றைக்கே கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இரண்டு கண்ணிலும் இந்த நோய் இருக்கலாம், அப்போது ஒப்பிட ஆரோக்கியமான கண் இருக்காது. ஆகையால் கூச்சம் ஒன்றையாவது தவறவிடாதீர்கள்.

மருத்துவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விடுவார். ஐந்து நிமிடம் கழித்தும் சாயம் கண்ணிலேயே தேங்கியிருந்தால் அடைப்பு உறுதி. இதற்கு ஸ்கேன் தேவையில்லை. உங்கள் ஊர்க்காரர் போல, குழந்தையைப் பார்க்காமலே ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்களிடம் விலகியிருங்கள். "பேக்கேஜ்" என்று தொகை பேசுபவருக்கு அதில் பங்கு இருக்கும். கம்பி விடுவதற்கான முடிவைக் குழந்தையின் வயதையும் கண்ணையும் பார்த்த மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

ஒரு வயது ஆகியும் நீரும் பீளையும் நிற்கவில்லை என்றால் கம்பி விடுவது நல்ல முடிவு. அப்போது தயங்காதீர்கள். அடிக்கடி பை சீழ் பிடித்து வீங்கும் குழந்தைக்கு முன்னதாகவே செய்ய நேரலாம். ஒரு வயதை ஒட்டிச் செய்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரே தடவையில் குணமாகிறது. இரண்டு மூன்று வயது வரை தள்ளினால் பலன் குறையும். மயக்கம் கொடுத்து, மழுங்கிய முனை கொண்ட மெல்லிய கம்பியை இமைத் துளை வழியாக இறக்குவார்கள். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. சவ்வு விட்டுக்கொடுப்பது மருத்துவரின் விரலுக்கு ஒரு சிறு 'டப்' என்று தெரியும். பிறகு சாயம் கலந்த நீரைச் செலுத்தி, அது மூக்கில் வருகிறதா என்று பார்ப்பார்கள். கம்பி விடும் வேலை பத்து நிமிடம்தான்.

மயக்கத்துக்குப் பயப்படுவது இயல்பு. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்கும் இடத்தில் செய்யுங்கள், இதை நேரடியாகவே கேளுங்கள். முந்தைய வாரம் சளி, இருமல் இருந்தால் மறைக்காதீர்கள், தேதியைத் தள்ளிப்போடுவார்கள். பசும்பாலோ பவுடர் பாலோ ஆறு மணி நேரத்துக்கு முன்னும், தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்த வேண்டும். அழுகிறான் என்று யாராவது இடையில் ஒரு வாய் பால் கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள், அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. முடிந்த பின் ஒரு நாள் மூக்கில் லேசாக ரத்தம் கசியலாம். பெரிய மருத்துவமனையில் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகிறது, கண் மருத்துவர் வரும் நாளில் மயக்க மருத்துவர் இருப்பதில்லை என்று அலைக்கழிப்பதும் நடக்கிறது. ஆகையால் பத்தாம் மாதமே ஒரு முறை காட்டிப் பெயரைப் பதிந்துவையுங்கள். இடையில் திறந்துகொண்டால் ரத்து செய்துவிடலாம்.

திறந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? முதலில் காலை ஒட்டல் நிற்கும். அப்புறம் இமை ஓரத்தில் பளபளவென்று நிற்கும் நீர்க்கோடு மறையும். சளி பிடித்த நாளில் மட்டும் கொஞ்சம் நீர் வரலாம். இரண்டு வாரம் கண் காய்ந்தே இருந்தால் நீவுவதை நிறுத்திவிடுங்கள்.