பத்து அடி நான்கு அங்குலம் ஏற வேண்டிய படிக்கட்டு

கேள்வி: குடியாத்தம் அருகே மாடி வீடு கட்டுகிறோம். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை உயரம் 10 அடி 4 அங்குலம். படிக்கட்டு அறை உள்ளளவு 13 அடிக்கு 6 அடி 6 அங்குலம். படியின் உயரம் 7 அங்குலம் என்கிறார் மேஸ்திரி. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. படிகள் ஒற்றைப்படையாகவும் வர வேண்டும் என்கிறார்கள். என்ன அளவு வைக்கலாம்?

பதில்: 7 அங்குலம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுக் கட்டத் தொடங்கினால், 17 படிகளில் 119 அங்குலம் ஏறி, மீதி 5 அங்குலம் கடைசியில் ஒரு குட்டைப் படியாக நிற்கும். எனவே மொத்த உயரத்தை எடுத்துக்கொண்டு அதைச் சம பங்குகளாகப் பிரிப்பதே சரியான வழி. உங்கள் உயரம் 3150 மி.மீ. அதை 18 ஆல் வகுத்தால் ரைசர் எனப்படும் ஒவ்வொரு படியின் உயரமும் சரியாக 175 மி.மீ., அதாவது ஆறே முக்காலே அரைக்கால் அங்குலம் வரும். வீடுகளுக்கு ரைசர் 190 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் பரப்பான ட்ரெட் 250 மி.மீ.க்குக் குறையக்கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் வரம்பு.

ட்ரெட்டின் அளவை ரைசரே தீர்மானிக்கிறது. இரண்டு ரைசரும் ஒரு ட்ரெட்டும் சேர்ந்தால் 600 முதல் 640 மி.மீ.க்குள் இருப்பதுதான் நடைக்கு ஒத்துவரும். 175 மி.மீ. ரைசருக்கு 260 மி.மீ., அதாவது ஏறத்தாழ பத்தேகால் அங்குல ட்ரெட் வைத்தால் கூட்டுத்தொகை 610 ஆகிறது. 18 ரைசரையும் நடுவில் திரும்பி ஏறும் இரு வரிசைகளாகப் பிரியுங்கள். ஒன்பது ரைசர் கொண்ட ஒரு வரிசையில் ட்ரெட் எட்டுதான், ஏனென்றால் ஒன்பதாவது ரைசர் ஏறியதும் லேண்டிங் வந்துவிடுகிறது. எட்டு ட்ரெட்டுக்கு 2080 மி.மீ. போக, 13 அடி நீளத்தில் மீதி 1880 மி.மீ. அளவுக்கு இருக்கும். இரு முனைகளிலும் பாதி பாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு லேண்டிங்கும் 3 அடிக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். படியின் அகலம் 3 அடி, இரு வரிசைகளுக்கும் நடுவே 6 அங்குல இடைவெளி என்று உங்கள் அறையின் அகலமும் சரியாகப் பொருந்துகிறது.

ஒற்றைப்படைக்காக அளவை மாற்ற வேண்டியதில்லை. கால் வைக்கும் பரப்புகளை எண்ணினால் கீழே எட்டு, நடு லேண்டிங் ஒன்று, மேலே எட்டு என்று பதினேழு வருகிறது. ரைசரையே ஒற்றைப்படையாக்க 17 வைத்தால் ஒவ்வொன்றும் 185 மி.மீ. ஆகிவிடும், விதி அதை அனுமதித்தாலும் முழங்கால் வலி உள்ளவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அறையின் சுவர் இன்னும் எழும்பவில்லை என்றால், நீளத்தைக் கூட்டி 20 ரைசர் வையுங்கள், ரைசர் 157.5 மி.மீ. ஆகக் குறைவதால் ட்ரெட்டை 285 மி.மீ. வரை கூட்டினால் நல்லது. அப்போது லேண்டிங் 3 அடிக்குக் குறையாதிருக்க நீளம் 14 அடி 6 அங்குலம் தேவைப்படும். அம்மா தினமும் மாடி ஏறுவார் என்றால் இந்த ஒன்றரை அடியை விட்டுக்கொடுக்கத் தகும்.

அளவு சரியாக இருந்தும் படிக்கட்டு கெடும் இடம் முதல் படியும் கடைசிப் படியும்தான். இரு தளங்களிலும் டைல்ஸும் கலவையும் சேர்ந்து 50 மி.மீ. ஏறும், படிகளில் கிரானைட்டும் கலவையும் 35 மி.மீ. மட்டுமே ஏறும் என்று வைத்துக்கொள்வோம். கொத்தனார் கான்கிரீட்டில் எல்லா ரைசரையும் 175 ஆகவே அமைத்துவிட்டால், பூச்சு வேலை முடிந்தபின் முதல் படி 160 ஆகக் குறைந்தும், கடைசிப் படி 190 ஆக உயர்ந்தும் நிற்கும். பதினாறு படிகளில் பழகிய கால், இறுதியில் தூக்க வேண்டிய அளவுக்குத் தூக்காமல் விளிம்பில் இடித்துக்கொள்ளும். ஆகவே கான்கிரீட்டில் முதல் ரைசரை 190 ஆகவும் கடைசியை 160 ஆகவும் விட்டு, நடுவில் உள்ள பதினாறையும் 175 ஆகவே வைக்கச் சொல்லுங்கள். மொத்தம் அதே 3150தான். நடு லேண்டிங்குக்கும் படிக்குப் போடும் அதே கல்லைப் போட்டால் அங்கே இந்தச் சிக்கல் எழாது.

சென்ட்ரிங் அடிப்பதற்கு முன், டைல்ஸ் போட்டபின் இருக்கப்போகும் தரைமட்டத்தை டியூப் லெவல் கொண்டு கீழும் மேலும் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன 10 அடி 4 அங்குலம் அந்த இரு கோடுகளுக்கு இடையே வருகிறதா என்று பார்ப்பது அவசியம். ஓர் அங்குலம் கூடக்குறைய இருந்தால், அதைக் கடைசிப் படியில் தள்ளாமல், புதிய உயரத்தை மீண்டும் 18 ஆல் வகுத்து ஒவ்வொரு படியின் கோட்டையும் சுவரிலேயே வரைந்துவிடுங்கள். ஒவ்வொரு கோட்டையும் கீழ்த்தளக் கோட்டிலிருந்தே டேப் பிடித்து அளக்க வேண்டும். முந்தைய படியிலிருந்து அடுத்த படிக்கு அளந்துகொண்டே போனால், ஒவ்வொன்றிலும் விடும் 2 மி.மீ. பிழை மேலே போகும்போது ஓர் அங்குலத்தைத் தாண்டிவிடும்.