ஒரே பில்லுக்கு இரண்டு தடவை போன பணத்தைத் திருப்பிக் கேட்பது

"சப்ளையருக்குத் தவறுதலாக ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் அனுப்பிவிட்டேன். திருப்பித் தரச் சொல்லி எப்படி எழுதுவது?"

நான் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். 2025 மார்ச்சில் எனக்கும் இதே நடந்தது. நோட்டுப் புத்தகம் வாங்கிய பில்லுக்குக் கடைக் கணக்கிலிருந்து நெஃப்டில் பணம் போட்டேன். அது தெரியாமல் தம்பி இரண்டு நாள் கழித்து ஜிபேயில் மறுபடி அனுப்பிவிட்டான்.

முதலில் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "அண்ணே, பணம் ரெண்டு தடவை வந்திருக்கு, பாருங்க" என்றேன். "ஒண்ணுதான் வந்திருக்கு" என்று பதில் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நெஃப்ட் கடைப் பெயரில் போயிருந்தது, ஜிபே பணம் தம்பி பெயரில். யார் போட்டது என்று தெரியாத வரவாக அது அவர்கள் கணக்கில் கிடந்தது.

அதனால் அவர்களுடைய ஸ்டேட்மெண்டில் எந்த எண், எந்தப் பெயர் தெரியுமோ அதையே எழுதுங்கள். நெஃப்டுக்கு 16 எழுத்து யுடிஆர். யுபிஐக்கு 12 இலக்க எண். ஜிபேயில் 'UPI transaction ID' என்று இருக்கும். அதன் பக்கத்திலேயே 'Google transaction ID' என்று இன்னொன்று இருக்கும், அதை வைத்து அவர்களால் தேட முடியாது. எழுதுவதற்கு முன் உங்கள் பாஸ்புக்கை ஒரு தடவை பாருங்கள். தோல்வியடைந்த பணம் தானாகவே திரும்பி வந்திருக்கலாம்.

பிறகு நான் அனுப்பிய மெயில் இது (எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்):

"வணக்கம். பில் எண் 412, தொகை ரூ.18,450. இதற்கு இரண்டு முறை பணம் செலுத்திவிட்டோம்.
முதலாவது: 04-03-2025, நெஃப்ட், யுடிஆர் ABCDN25063004518, கடைப் பெயரில்.
இரண்டாவது: 06-03-2025, யுபிஐ, எண் 506511274930, என் தம்பி பெயரில்.
முதலாவதை பில்லுக்கு வரவு வைத்துக்கொண்டு, இரண்டாவதை அது வந்த அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். இரண்டு ஸ்டேட்மெண்ட் பக்கங்களையும் இணைத்துள்ளேன்."

எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்புவது என்று நாமே சொல்லிவிட்டால் அவர்களுடைய கணக்குப் பிள்ளைக்குக் குழப்பம் வராது. வந்த கணக்குக்கே கேட்பதும் முக்கியம். வேறு கணக்கு எண் கொடுத்தால், மோசடியோ என்று அவர்கள் தயங்குவது நியாயம்தான்.

"அடுத்த பில்லில் கழிச்சுக்கலாமா?" என்று கேட்பார்கள். மாதாமாதம் வாங்கும் இடம் என்றால் சரி சொல்லலாம், ஆனால் எவ்வளவு, எந்த பில்லில் என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். இனி அங்கே வாங்கப்போவதில்லை என்றால் பணமாகவே கேளுங்கள். வங்கியில் போய்ச் சொன்னாலும், சரியான கணக்குக்குப் போய்ச் சேர்ந்த பணத்தைச் சப்ளையர் சம்மதம் இல்லாமல் அவர்கள் எடுத்துத் தர முடியாது, கேட்டு மட்டும் பார்ப்பார்கள்.

மெயில் போன அன்று மதியமே அந்த வரவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாம் நாள் தம்பி கணக்கில் 18,450 வந்தது. அதன் எண்ணையும் அதே மெயிலுக்குக் கீழே எழுதி, "பணம் வந்தது, நன்றி" என்று அனுப்பினேன்.