ஆப் காட்டும் 2009, தட்டில் இருக்கும் 1962

அன்புள்ள ஐயா,

ஒரு காபிக் கடையில் பீட்டில்ஸின் 'லவ் மீ டூ' ஓடிக்கொண்டிருந்தது. பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷாஸாம் ஆப்பில் தேடினால் "Love Me Do (Remastered 2009)" என்று வருகிறது. 1962 பாட்டுக்கு ஏன் 2009? அது முதலில் எந்தத் தட்டில் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

ஷாஸாம் சில நொடி ஒலியை எடுத்துக்கொண்டு, எந்தக் கணத்தில் எந்த அதிர்வெண் ஓங்கி ஒலிக்கிறது என்று புள்ளி வைக்கிறது. அந்தப் புள்ளிகளை இரண்டிரண்டாகக் கோத்து, நடுவில் உள்ள நேர இடைவெளியையும் சேர்த்து எண்களாக்கித் தன் கிடங்கில் தேடுகிறது. ரீமாஸ்டர் செய்பவர் இரைச்சலைக் குறைப்பார், பேஸைக் கொஞ்சம் ஏற்றுவார், மொத்த சத்தத்தைக் கூட்டுவார். ஆனால் பாடகர் எந்த நொடியில் எந்த சுருதியில் பாடினாரோ அது அப்படியேதான் இருக்கும். புள்ளிகள் இடம் மாறாததால் 1962 தட்டும் 2009 பதிப்பும் ஆப்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்புறம் எந்தப் பெயரைக் காட்டுவது? கிடங்கில் எது இருக்கிறதோ அதை. இசை நிறுவனங்கள் இன்று விற்பனையில் உள்ள பதிப்பைத்தான் ஸ்ட்ரீமிங்குக்குக் கொடுக்கின்றன. பீட்டில்ஸின் ஆரம்பகால ஆல்பங்களுக்கு அது பெரும்பாலும் 2009 ரீமாஸ்டர். ஆக, பதிவு எது என்பதில் ஆப் சொல்வதை நம்பலாம். ஆண்டு மட்டும் சரக்கின் தேதி. ஒவ்வொரு பதிவுக்கும் கொடுக்கப்படும் ISRC குறியீட்டைப் பார்த்து ஆண்டு கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் வரும் இரண்டு இலக்க ஆண்டு, குறியீடு கொடுக்கப்பட்ட ஆண்டுதான். அந்த முறையே 1980களில்தான் வந்தது, 1962-க்கு அது உதவாது.

முதல் வெளியீட்டைத் தேடும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: நீங்கள் கேட்டது எந்தப் பதிவு? 'லவ் மீ டூ' விஷயத்தில் இங்கேதான் வேடிக்கை. 1962-இல் அதை மூன்று முறை, மூன்று டிரம்மர்களோடு பதிவு செய்தார்கள். ஜூன் 6-ஆம் தேதி பீட் பெஸ்ட், செப்டம்பர் 4-ஆம் தேதி ரிங்கோ ஸ்டார், செப்டம்பர் 11-ஆம் தேதி ஆண்டி ஒயிட் என்ற வெளி டிரம்மர். மூன்றாவது நாள் ரிங்கோ கையில் டாம்பரின் மட்டும்தான்.

காதால் பிரிக்க அந்த டாம்பரின் போதும். டிரம்மோடு சேர்ந்து, நம் கஞ்சிராவின் சலங்கை மாதிரி ஒரு ஜல்ஜல் கேட்டால் அது ஆண்டி ஒயிட் பதிவு. கேட்காவிட்டால் ரிங்கோ. பீட் பெஸ்ட் பதிவு 1995-இல் 'ஆந்தாலஜி 1'-இல்தான் வெளிவந்தது. முதலில் பதிவானது கடைசியில் வந்தது என்பதால், பதிவுத் தேதியையும் வெளியீட்டுத் தேதியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1962 அக்டோபர் 5-ஆம் தேதி பார்லோஃபோன் நிறுவனம் R 4949 என்ற எண்ணில் வெளியிட்ட சிங்கிளில் இருந்தது ரிங்கோ பதிவு. 1963 மார்ச் 22-இல் வந்த 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' எல்பியில் இருந்தது ஆண்டி ஒயிட் பதிவு. ஜல்ஜல் கேட்டால் உங்கள் பதிவுக்கு முதல் தட்டு எல்பிதான், சிங்கிள் இல்லை. பாட்டின் பெயரை மட்டும் வைத்துத் தேடுபவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

மற்ற பாட்டுகளுக்கும் இதே வரிசையில் போங்கள். மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இணையதளத்தில் ரீமாஸ்டரைத் தனிப் பதிவாக எண்ணுவதில்லை. அதனால் ஒரு பதிவின் பக்கத்தைத் திறந்தால் அது இடம்பெற்ற பழைய, புதிய வெளியீடுகள் ஒன்றாகக் கிடைக்கும். அவற்றில் பழையதை எடுத்துக்கொண்டு டிஸ்காக்ஸ் தளத்துக்குப் போய், ஒரு வெளியீட்டின் எல்லாப் பதிப்புகளையும் தொகுக்கும் 'மாஸ்டர் ரிலீஸ்' பக்கத்தில் ஆண்டுவாரியாக அடுக்குங்கள். இரண்டு தளங்களிலும் விவரம் சேர்ப்பது பயனர்கள்தான். ஆண்டு என்ற கட்டத்தை மட்டும் நம்பாமல், லேபிளின் படத்தையும், தட்டின் நடுப்பகுதியில் பள்ளங்கள் முடியும் இடத்தில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மேட்ரிக்ஸ் ஏன் என்றால், தட்டின் எண் மாறாமலே உள்ளே பதிவு மாறிவிடும். R 4949-க்கே அது நடந்தது. 1963-க்குப் பிந்தைய பிரதிகளில் ரிங்கோவை எடுத்துவிட்டு ஆண்டி ஒயிட்டைப் போட்டார்கள். லேபிள் சிவப்பாக இருந்தால் 1962 என்று சொல்பவர்களும் உண்டு, ஆனால் மறுபதிப்புகள் அந்தச் சிவப்பையும் நகலெடுக்கும். 2012-இல் பாட்டின் ஐம்பதாம் ஆண்டுக்காக இஎம்ஐ நிறுவனம் அந்தச் சிங்கிளை அப்படியே மறுபதிப்புச் செய்தது. உள்ளே இருந்ததோ ஆண்டி ஒயிட் பதிவு. கடைக்குப் போன தட்டுகளைத் திரும்ப வாங்கி, ரிங்கோ பதிவோடு மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் காபிக் கடையில் ஜல்ஜல் கேட்டதா? அதைச் சொல்லுங்கள், உங்கள் தட்டு எதுவென்று நானே சொல்லிவிடுகிறேன்.