ஜாமீன் கையெழுத்துக்கு முன்னால்

ஐயா, உங்கள் மகள் கொடுத்த பாண்ட் நகலைப் படித்தேன். ஐந்து வருடம் வேலை பார்த்த கம்பெனி, ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு கொடுத்து, எம்.பி.ஏ. ஃபீஸ் 6 லட்சத்தையும் கட்டுகிறது. திரும்பி வந்து இரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் அந்த 6 லட்சத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு நீங்கள் ஜாமீன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தனியார் வேலையில் படிப்பு விடுப்பு பொதுவாகச் சட்டம் தரும் உரிமை இல்லை, கம்பெனி மனசு வைத்தால்தான். அதனால் எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

நான் பென்சிலால் கோடு போட்டது நாலாவது பக்கத்தில். "காலியிடம் இருப்பின் மீண்டும் பணியில் அமர்த்தப்படுவார்" என்கிறது. அதாவது பாண்ட் அவளைக் கட்டுகிறது, வேலை கம்பெனியைக் கட்டவில்லை. இதை மாற்றச் சொல்லுங்கள்: அதே கிரேடு, குறையாத சம்பளம், படிப்பு முடிந்த 30 நாளுக்குள் பணி. அப்படித் தர முடியாவிட்டால் பாண்ட் ரத்து. கம்பெனியே ஆட்குறைப்பு செய்தாலும் அவள் பைசா தரவேண்டியதில்லை என்றும் எழுத வேண்டும். 'வேலை நிச்சயம்' என்று எச்.ஆர். வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். அந்த எச்.ஆரே அடுத்த வருடம் இருப்பாரா தெரியாது.

அடுத்தது தொகை. இப்போதைய வாசகப்படி 23 மாதம் வேலை பார்த்துவிட்டு விலகினாலும் முழு 6 லட்சம் கட்ட வேண்டும். மாதத்துக்கு 25,000 வீதம் குறைந்துகொண்டே வரட்டும் என்று கேளுங்கள். 18 மாதம் முடித்திருந்தால் பாக்கி ஒன்றரை லட்சம்தான். பெரும்பாலும் எச்.ஆர். இறங்கி வரும் இடம் இது.

'பாண்ட் கோர்ட்டில் நிற்காது' என்று உங்கள் மைத்துனர் சொன்னாராமே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அதே சமயம், ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். ஆனால் அதை வாதாடி வாங்க வக்கீல் ஃபீஸும் வருடங்களும் ஆகும்.

உங்கள் கையெழுத்துக்கு வருகிறேன். ஜாமீன்தாரருக்கும் கடனாளிக்கும் பொறுப்பு ஒன்றே, வேறு மாதிரி எழுதாத வரை. மகளை விட்டுவிட்டு நேராக உங்களிடமே கேட்கலாம். அதனால் ஜாமீன் இல்லாமல் முடியுமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், மேலே சொன்ன மாதக் கழிவு உங்களுக்கும் பொருந்தும் என்று ஒரு வரி சேர்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். தொகை எழுதாத செக்கோ, ஒரிஜினல் சர்டிபிகேட்டோ கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.